அத்தையின் வாட்ஸ்அப் செய்தியை வட்டாட்சியருக்கு எழுதும் மனுவாக மாற்றுவது எப்படி?

வாய்க்கால்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அத்தை டெல்டா பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் இருப்பது பெங்களூரில். பட்டா மாற்றுவதற்காக வட்டாட்சியருக்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்லி எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டு அப்படியே எழுத்தில் பதிந்திருக்கிறேன்:

"தம்பி, பெரியவரு பேருலதான் இன்னும் பட்டா கெடக்கு. ஒங்க மாமா போயி ரெண்டு வருசம் ஆவப்போவுது, போன ஆடிக்கு முந்துன ஆடி. நம்ம எடம் ஒரு மா இருவது குழி, வாய்க்கா ஓரத்துல. மணியக்காரரு கிட்ட நாலு தடவ போயிட்டு வந்துட்டேன். இன்னைக்கு வா நாளைக்கு வான்னு இழுத்துக்கிட்டே இருக்காரு. ஆயிரம் ரூவா கேக்குறாராம். கொழுந்தனாரு வூட்டுல ஒண்ணும் சொல்லல, அவங்க சரின்னுட்டாங்க. எப்படியாச்சும் எழுதிப் போடு."

இதை நான் இப்படி மாற்றியிருக்கிறேன்:

"என் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பட்டா இன்றுவரை அவர் பெயரிலேயே உள்ளது. வாய்க்கால் ஓரத்தில் உள்ள நமது நிலம் ஒரு மா இருபது குழி ஆகும். கிராம நிர்வாக அலுவலரை நான்கு முறை சந்தித்தும் இன்று வா, நாளை வா என்று இழுத்தடிக்கிறார். ரூ.1,000 லஞ்சம் கேட்கிறார். கணவரின் தம்பிகள் சம்மதித்துவிட்டனர். பட்டாவை என் பெயருக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

விகுதிகளைச் சரியாக மாற்றிவிட்டேன் என்றே நினைக்கிறேன். நடை அரசு அலுவலகத்துக்குப் பொருந்துமா?

---

தமிழ்க்கனல்

நல்ல முயற்சி. ஆனால் நடை இன்னும் உயர வேண்டும். தொடக்கத்தில் "மாண்பமை வட்டாட்சியர் அவர்களின் மேலான சமூகத்திற்கு" என்று எழுதுங்கள். "இறந்து" என்பது மங்கலமாக இல்லை, "இயற்கை எய்தி" என்று மாற்றுங்கள். "லஞ்சம்" என்பது "கையூட்டு" ஆகட்டும். "பட்டா" பிறமொழிச் சொல், "நில உரிமை ஆவணம்" என்று எழுதலாம். "நாளை வா என்று" என்பது பேச்சு வாடை அடிக்கிறது. "நாளை வருமாறு கூறி" என்பதே எழுத்து நடை.

---

குறுக்குவழி

இந்தக் காலத்தில் மனு எழுதுவார்களா? பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். கட்டணம் கட்டினால் சீட்டுத் தருவார்கள், கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். நடை, விகுதி எல்லாம் எதற்கு?

---

வாய்க்கால்கரை

அத்தையிடம் கேட்டேன். தை மாதமே விண்ணப்பித்துவிட்டாராம். சீட்டு அரிசி டப்பாவில் இருக்கிறது. எந்த முடிவும் வராததால்தான் மனு எழுதச் சொல்கிறார்.

---

பழைய நாற்காலி

தம்பி, வட்டாட்சியர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராக இருந்தவன் நான். இப்படிப்பட்ட மனுக்களைத் தினமும் படித்திருக்கிறேன். உங்கள் வரைவில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அத்தை சொல்லாததை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், சொன்ன ஒன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்வி: அத்தை "பெரியவரு" என்றது யாரை? நீங்கள் "கணவர்" என்று எழுதிவிட்டீர்கள். ஆனால் அடுத்த வரியில் கணவரை "ஒங்க மாமா" என்றுதானே சொல்கிறார்? ஒரே மூச்சில் ஒருவரையே இரண்டு பெயரில் சொல்வது வழக்கமில்லை. நம் பக்கத்தில் மருமகள்கள் "பெரியவர்" என்றால் பெரும்பாலும் மாமனார். சில வீடுகளில் கணவரின் அண்ணன்.

இரண்டாவது கேள்வி: "அவங்க சரின்னுட்டாங்க" என்பதில் "அவங்க" எத்தனை பேர்? பேச்சில் அது ஒருவரை மரியாதையாகச் சொல்வதும் ஆகும், பலரைச் சொல்வதும் ஆகும். நீங்கள் "தம்பிகள்" என்று பன்மையாக்கிவிட்டீர்கள். அதுவும் "கொழுந்தனாரு வூட்டுல" என்கிறார். அது அந்தக் குடும்பமா, கொழுந்தனாரின் மனைவியா? "ஒண்ணும் சொல்லல" என்றால் மறுப்புச் சொல்லவில்லையா, பதிலே சொல்லவில்லையா?

எதிரில் உட்கார்ந்து கேட்பவருக்கு இவையெல்லாம் தெரியும். வட்டாட்சியருக்குத் தெரியாது. விகுதியைத் தொடுவதற்கு முன்னால் இந்த இடங்களில் எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு, அத்தையிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்படியே தீர்வை ரசீதைப் பார்த்துப் புல எண்ணை எடுத்து, eservices.tn.gov.in தளத்தில் சிட்டாவைத் திறந்து பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அதுவே சொல்லும்.

தமிழ்க்கனல் ஐயாவுக்கு ஒரு சொல். "நாளை வருமாறு கூறி" சரிதான். ஆனால் "நில உரிமை ஆவணம்" என்று எழுதினால் அது கிரயப் பத்திரமா, பட்டாவா என்று நான் கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். பதிவேட்டில் என்ன சொல் இருக்கிறதோ அதுவே மனுவிலும் இருக்க வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றும் அலுவலகத் தமிழில் ஊறிப்போன சொற்கள். "மேலான சமூகம்" ஜமீன் காலத்து மனுவில் இருந்தது. "வட்டாட்சியர் அவர்கள்" போதும்.

---

வடமராட்சியாள்

இதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கதை ஞாபகத்துக்கு வந்தது. நான் யாழ்ப்பாணப் பக்கம். அம்மம்மாவின் காணி விடயமாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தபோது, இணையத்தில் கிடைத்த தமிழ்நாட்டு மாதிரியைப் பார்த்து எழுதினேன். அம்மம்மா "விதானையாரிட்டக் குடுத்தனான்" என்று சொன்னதை "கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தேன்" என்று மாற்றியிருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் சிரித்துவிட்டு, "பிள்ளை, இது எந்த நாட்டுக் கடிதம்?" என்று கேட்டார். எங்களுக்கு அவர் கிராம அலுவலர். மேலே இருப்பவர் பிரதேச செயலாளர். நீங்கள் இறப்புச் சான்றிதழ் என்பது எங்களுக்கு மரணச் சான்றிதழ், நீங்கள் பத்திரம் என்பது எங்களுக்கு உறுதி. விதானை என்ற பதவி எப்போதோ போய்விட்டது, ஆனால் அம்மம்மாவின் வாயில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.

உங்கள் அத்தையின் மணியக்காரரும் அப்படித்தானோ?

---

பழைய நாற்காலி

அதேதான் அம்மா. தமிழ்நாட்டில் மணியக்காரர், கர்ணம் பதவிகளை 1980-இல் ஒழித்துவிட்டார்கள். அதன் பிறகு வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர். கிராமத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் மணியக்காரர் என்றே சொல்வார்கள். தம்பி அதைச் சரியாக மாற்றியிருக்கிறார். அந்த ஒரு மாற்றம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

---

அரும்பு

நான் மொழியியல் படிக்கிறேன். மூன்று இடங்களைச் சொல்ல ஆசை.

"கேக்குறாராம்" என்பதில் உள்ள "ஆம்" மிகச் சின்ன ஒலி. ஆனால் அத்தை தன் காதால் கேட்கவில்லை, யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரியும் என்பதை அந்த ஒன்றுதான் காட்டுகிறது. உங்கள் வரைவில் "கேட்கிறார்" என்று ஆகிவிட்டது. கேள்விப்பட்டவர் நேரடிச் சாட்சியாக மாறிவிட்டார். கீழே கையொப்பமிடுபவர் அத்தை. நாளை விசாரணைக்கு அழைத்து "உங்களிடம் எப்போது கேட்டார்?" என்றால் அவர் என்ன சொல்வார்?

"நம்ம எடம்" என்பது உங்களிடம் சொன்னதால் "நம்ம". நீங்கள் குடும்பம். வட்டாட்சியரிடம் "நமது நிலம்" என்றால் அவருக்கும் அதில் பங்கு இருப்பதாக ஆகும்! "எங்கள் நிலம்" என்றுதான் வர வேண்டும். கேட்பவர் மாறினால் இந்தச் சொல் மாறியே ஆக வேண்டும், பேச்சு எழுத்து என்ற வேறுபாட்டோடு இதற்குத் தொடர்பு இல்லை.

"சொல்லல" என்பதை "சொல்லவில்லை" என்று மாற்றுவது எளிது. ஆனால் அந்த "இல்லை" காலம் காட்டாது. நேற்றுச் சொல்லவில்லையா, இதுவரைக்கும் சொல்லவில்லையா? "சான்றிதழ் வரவில்லை", "பதில் தரவில்லை" எல்லாமே இப்படித்தான். பேச்சில் குரல் காட்டிவிடும். எழுத்தில் "இன்றுவரை" என்றோ ஒரு தேதியையோ பக்கத்தில் வைத்தால்தான் நிற்கும்.

---

தமிழ்க்கனல்

"ஆம்" பற்றி அரும்பு சொன்னது எனக்குப் புதிது, ஏற்கிறேன். ஆனால் அலுவலகத் தமிழ் என்பதால் சீர்கெட்ட தமிழ் எழுத வேண்டியதில்லை. பெயர்களிலாவது கிரந்த எழுத்தை நீக்கி எழுதலாமே?

---

பழைய நாற்காலி

வேண்டவே வேண்டாம் ஐயா! ஒரு மனுவில் ராஜேந்திரன் என்பவரை யாரோ ஆர்வத்தில் இராசேந்திரன் ஆக்கியிருந்தார். ஆதாரில் ராஜேந்திரன், வாரிசுச் சான்றிதழில் ராஜேந்திரன், மனுவில் இராசேந்திரன். இருவரும் ஒருவரே என்று சான்று கொண்டுவரச் சொல்லி அவரை அனுப்பினோம். பெயர் பிழையாக இருந்தாலும் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழுக்குச் சான்றிதழ் பெயர் வேறுபட்டால், அதை மனுவில் ஒரு வரியில் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

---

வாய்க்கால்கரை

ஒரு வாரமாக அத்தையோடு பேசினேன். தலை சுற்றுகிறது.

பெரியவர் என்பது மாமனார்தான்! சிட்டாவைப் பார்த்தேன், அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. 2011-இல் இறந்திருக்கிறார். பட்டா மாமா பெயருக்கு மாறவே இல்லை. கொழுந்தனார் ஒருவர்தான். "சரி" என்று சொன்னது அவருடைய மனைவி. கொழுந்தனார் ஊரில் இல்லை, துபாயில் இருக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

தை மாதம் விண்ணப்பித்தபோது கொடுத்தது மாமாவின் இறப்புச் சான்றிதழும் மாமாவுடைய வாரிசுச் சான்றிதழும் மட்டும்.

ஆயிரம் ரூபாய் விஷயம் டீக்கடையில் ஒருவர் சொன்னது. மணியக்காரர் அத்தையிடம் ஒன்றும் கேட்கவில்லை.

---

பழைய நாற்காலி

அவர் ஏன் இழுத்தடித்தார் என்று எனக்கு இப்போது புரிகிறது. பட்டாவில் இருக்கும் பெயர் மாமனாருடையது. கொடுத்த வாரிசுச் சான்றிதழ் கணவருடையது. இரண்டும் ஒட்டாது. "இது போதாது" என்று அவர் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அது அவர் தவறுதான்.

இன்னொரு கேள்வி. கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். பெரியவருக்குப் பெண் பிள்ளை உண்டா? செய்தியில் நாத்தனார் என்ற சொல்லே இல்லை.

---

வாய்க்கால்கரை

உண்டு. ஒருவர். மன்னார்குடியில் கட்டிக்கொடுத்தது. பத்து வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. நான் பெயரைக் கேட்டதும் அத்தை போனை வைத்துவிட்டார்.

---

பழைய நாற்காலி

திருமணமாகிப் போன மகளும் வாரிசுதான். வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரும் வரும். மறைத்து வாங்கினால் பின்னால் அந்தச் சான்றிதழே ரத்தாகும். எனவே இப்போது மனு எழுத வேண்டாம். முதலில் பெரியவருக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்ததும் இரண்டு வாரிசுச் சான்றிதழ்களையும் வைத்து, எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்டுப் புதிதாக விண்ணப்பியுங்கள். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்வது அப்புறம். அந்த விண்ணப்பமும் நின்றுபோனால் அப்போது மனு எழுதலாம்.

"என் பெயருக்கு மாற்றித் தருமாறு" என்று உங்கள் வரைவில் இருந்ததே, அதை அத்தை எங்கே சொன்னார்? "எழுதிப் போடு" என்றுதானே சொன்னார்?

---

குறுக்குவழி

நான் ஒரு வரியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். தொடருங்கள், படித்துக்கொண்டிருக்கிறேன்.

---

வாய்க்கால்கரை (ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்து)

வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது, நாத்தனார் பெயரோடு. அத்தையே மன்னார்குடி போய்ப் பேசியிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. கூட்டுப் பட்டாவுக்குப் புதிய விண்ணப்பம் போட்டு ஏழு வாரங்கள் ஆகின்றன. அசைவு இல்லை. அதனால் இப்போதுதான் மனு. புதிய வரைவு இது. பெயர்களையும் எண்களையும் எடுத்துவிட்டேன்:

அனுப்புநர்
(பெயர்), க/பெ. (பெயர்),
(முகவரி, கைப்பேசி எண்)

பெறுநர்
வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம், ........

ஐயா,

பொருள்: பட்டா மாறுதல் – ........ வட்டம், ........ கிராமம், புல எண் ........ – என் மாமனார் பெயரில் உள்ள பட்டாவை வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக மாற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இ-சேவை மைய விண்ணப்ப எண் ........, நாள் ........

வணக்கம். மேற்கண்ட புல எண்ணில் உள்ள 0.16.0 ஹெக்டேர் நன்செய் நிலத்தின் பட்டா என் மாமனார் திரு. ........ பெயரில் உள்ளது. அவர் ........ 2011 அன்று இறந்துவிட்டார். மாமியார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். என் மாமனாரின் மூத்த மகனும் என் கணவருமான திரு. ........ ........ அன்று இறந்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமனாரின் மற்ற வாரிசுகள் இளைய மகன் திரு. ........, மகள் திருமதி ........ ஆகிய இருவர்.

மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா கோரி, பார்வையில் காணும் விண்ணப்பத்தை அளித்தேன். அது தொடர்பாகக் கிராம நிர்வாக அலுவலரை ........, ........ ஆகிய நாள்களில் நேரில் சந்தித்தேன். விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட முடிவு இன்றுவரை எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

எனவே, என் விண்ணப்பத்தைப் பரிசீலித்துப் பட்டா மாறுதல் செய்து தருமாறும், கூடுதல் ஆவணம் தேவையெனில் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல்கள், வாரிசுச் சான்றிதழ் நகல்கள், சிட்டா நகல், விண்ணப்பச் சீட்டு நகல்.

---

பழைய நாற்காலி

இதைக் கையில் எடுத்தால் எழுத்தர் ஒரு நிமிடத்தில் கோப்பைத் தேடிவிடுவார். கடைசியில் "எழுத்து மூலம் தெரிவிக்குமாறும்" என்று சேர்த்தது நல்லது, நேரில் அலைவது குறையும்.

ஒரு மாவும் இருபது குழியும் என்றதை 0.16.0 ஹெக்டேர் என்று போட்டது எப்படி?

---

வாய்க்கால்கரை

சிட்டாவில் உள்ளதை எழுதினேன். ஆனாலும் சரியா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கம் 100 குழி ஒரு மா, ஒரு குழி 144 சதுர அடி. 120 குழி என்றால் 17,280 சதுர அடி. சென்ட் கணக்கில் 40-க்குச் சற்றுக் குறைவு, ஏர் கணக்கில் 16-க்குச் சற்று மேல். அத்தையின் வாய்க்கணக்கு சிட்டாவோடு அப்படியே பொருந்துகிறது.

---

வடமராட்சியாள்

எங்களுக்குப் பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். குழியும் உண்டு, ஆனால் அளவு உங்கள் குழி அல்ல. வாய்க்கணக்கை வேறு ஊர்க்காரர் மாற்றித் தந்தால் கவனம் தேவை.

---

அரும்பு

எனக்கு ஒரு மனக்குறை. "இன்னைக்கு வா நாளைக்கு வான்னு இழுத்துக்கிட்டே இருக்காரு" என்பது போயே போய்விட்டது. "நேரில் சந்தித்தேன்" என்று மட்டும் இருக்கிறது. அவர் பட்ட அலைச்சல் எங்கே? "நேரில் சென்றும் ஒவ்வொரு முறையும் மற்றொரு நாள் வருமாறு கூறி அனுப்பப்பட்டேன்" என்று எழுதலாமே. அது எழுத்து நடைதான், உண்மையும்கூட.

---

பழைய நாற்காலி

எழுதலாம். பிழை இல்லை. ஆனால் நான் சேர்க்க மாட்டேன். வட்டாட்சியருக்குப் போகும் மனு அறிக்கை கேட்டு வருவாய் ஆய்வாளருக்கு வரும், அங்கிருந்து அதே கிராம நிர்வாக அலுவலரின் கைக்கு வரும். தன்னைப் பற்றிய குறையைப் படித்துவிட்டுத்தான் அவர் அறிக்கை எழுதுவார். தேதிகளைப் போட்டிருக்கிறார் அல்லவா, விவரம் தெரிந்த அதிகாரிக்கு அந்தத் தேதிகளே எல்லாம் சொல்லிவிடும். அவரைப் பற்றிய புகார் என்றால் தனி மனுவாக எழுதித் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கட்டும்.

---

அரும்பு

தேதிகள் சொல்லும் என்கிறீர்கள். படிப்பவர் விவரம் தெரிந்தவராக இருக்க வேண்டுமே ஐயா. பயந்து பயந்து எழுதி எழுதித்தான் எந்த மனுவிலும் யாரும் அலைந்ததாகவே தெரிவதில்லை. நான் சேர்க்கத்தான் சொல்வேன்.

---

தமிழ்க்கனல்

இந்த ஒன்றில் நான் அரும்பு பக்கம்.

---

பழைய நாற்காலி

முடிவு அத்தையுடையது. தம்பி, முழு மனுவையும் போனில் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். கையொப்பமிடுபவர் கேட்காத மனு அவருடைய மனு ஆகாது. கைநாட்டு என்றால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, பக்கத்தில் சாட்சிக் கையொப்பமும் வேண்டும்.

---

வாய்க்கால்கரை

வாசித்துக் காட்டினேன். அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறார்.

மணியக்காரரைப் பற்றிய வரி வேண்டாம் என்றார். "அவரு மூஞ்சியில நான் முழிக்கணும்" என்பது அவர் சொன்ன காரணம். அரும்பு மன்னிக்கவும்.

ஆனால் வேறு ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். "இறந்துவிட்டார்" என்று எழுதியதை "காலமானார்" என்று மாற்றச் சொன்னார். மாமனாருக்கும் மாமியாருக்கும் எப்படி எழுதினாலும் சரியாம், மாமாவுக்கு மட்டும் மாற்ற வேண்டுமாம். ஒரே மனுவில் இரண்டு விதமாக இருக்கலாமா?

---

பழைய நாற்காலி

இருக்கலாம் தம்பி. மாற்றிவிடுங்கள். மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்க மறக்க வேண்டாம். அதையும் அந்த அரிசி டப்பாவிலேயே போடச் சொல்லுங்கள்.